கலைந்த குங்குமப் பொட்டைப் படத்தில் சரிசெய்தல்: Curves-ஐ நீண்ட நாள் பாவித்த அனுபவம்

வெள்ளவத்தையில் ஸ்டூடியோ வேலை செய்பவர்களுக்கு ஆடிவேல், நவராத்திரி, தீபாவளி மூன்றுமே கலைந்த பொட்டோடுதான் வரும். கொழும்பு வெக்கையில் வியர்வை இறங்கி, ஆள் சேலைத் தலைப்பால் நெற்றியை ஒற்றிவிட்டால், குங்குமம் புருவம் வரைக்கும் இழுபட்டுவிடும். இதற்கு நான் வருசக் கணக்கில் நம்பியிருப்பது Photoshop-இன் Curves. Healing Brush எனக்கு இரண்டாவது கைதான்.

காரணம் இருக்கிறது. Healing Brush பூசும் இடத்தின் ஓரத்து நிறத்தோடு தன்னைக் கலந்துகொள்ளும். பருவுக்கு அது நல்லது, ஆனால் பொட்டின் விளிம்பில் ஓரத்து நிறமே சிவப்பு என்பதால், துடைக்கத் துடைக்கச் சிவப்பு உள்ளே ஊறி மங்கலான ரோஜா நிறத் திட்டு ஒன்று வந்து நிற்கும். அதோடு தோலின் நுண்துளையும் சுருக்கமும் வேறு இடத்திலிருந்து வந்தவையாகிவிடும்.

Channels-ஐத் திறந்து Red-ஐ மட்டும் பாருங்கள். குங்குமமும் தோலும் இரண்டும் சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புவதால், இழுபட்ட கறை அதில் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும், தோல் முழுசாகத் தெரியும். Green-ஐப் பார்த்தால் அதே இடம் கறுத்துக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாத பரவலும் அங்கேதான் பிடிபடும். அதாவது தோல் கெடவில்லை, அதன் மேல் ஒரு சாயம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். சாயத்தை எடுத்தால் போதும்.

போன ஆடிவேலுக்குப் பம்பலப்பிட்டியில் எடுத்த ஒரு அம்மாவின் படம் வந்தது. "தம்பி, பொட்டை மட்டும் வடிவா ஆக்கித் தாங்கோ, முகத்தில ஒண்டும் தொடாதேங்கோ" என்றா மகள். இடது புருவம் வரை கறை. Eyedropper-ஐ 5 by 5 Average-இல் வைத்துப் பார்த்தேன்: பக்கத்துத் தோல் சிவப்பு 168, பச்சை 120, நீலம் 92. கறையில் 160, 84, 64. சிவப்பில் வித்தியாசம் கொஞ்சம்தான், பச்சையில்தான் பெரிய பள்ளம். ஒரு Curves லேயர் போட்டு, Green-இல் 84-ஐ 120-க்கும், Blue-இல் 64-ஐ 85 அளவுக்கும் தூக்கினேன். பிறகு Ctrl+I அடித்து மாஸ்க்கைக் கறுப்பாக்கி, மென்மையான வெள்ளைப் பிரஷ்ஷை Flow 10%-இல் வைத்து, கறை தடித்த இடத்தில் பல தரமும் மெலிந்த இடத்தில் ஓரிரு தரமும் தடவினேன். நெற்றிச் சுருக்கம் ஒன்றுகூட அசையவில்லை. புருவ மயிரும் அப்படியே இருந்தது, Healing Brush போட்டிருந்தால் அது மெழுகாகியிருக்கும்.

நீலத்தை 92 வரை ஏற்றாததற்குக் காரணம் போன் படங்களின் நீலச் சேனல். அது பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும், அதிகம் தூக்கினால் அந்தக் கட்டங்கள் நெற்றியில் திட்டாக மேலே வரும். மிச்சமிருந்த மஞ்சள் சாயலுக்கு Color மோடில் ஒரு வெற்று லேயர் வைத்து, பக்கத்துத் தோல் நிறத்தை லேசாகத் தடவினால் சரி. மெசேஜில் சுருங்கி வந்த படமாக இருந்தால் வேலையை எடுக்கமுன் ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்கள். JPEG நிறத்தை வெளிச்சத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிப்பதுதான் வழக்கம் என்பதால், பொட்டைச் சுற்றி ஏற்கெனவே ஒரு சிவப்பு வளையம் கசிந்திருக்கும்.

சாயம் போன பிறகும் தனித்தனியாகத் துகள்கள் நிற்கும். அவற்றுக்குத்தான் Healing Brush. பொட்டின் விளிம்பை ஒட்டி, பொட்டு வெளியே விடுபடுகிற மாதிரி ஒரு செலக்‌ஷன் போட்டுவிட்டுப் பூசுங்கள், அந்தக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு உள்ளே வராது.

கோணலான பொட்டுக்கு Liquify. முதலில் புருவங்களை Freeze Mask-ஆல் பூட்டிவிட்டு, பொட்டைவிடக் கொஞ்சம் பெரிய பிரஷ்ஷால் மெல்லத் தள்ளுங்கள். நடுவைப் படத்தின் நேர்கோட்டை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, தலை சரிந்த அளவுக்கு மூக்குத்தண்டிலிருந்து மேலே போகும் கோடுதான் கணக்கு. முழு வட்டமாக்கிவிட்டால் ஒட்டுப்பொட்டு மாதிரி ஆகிவிடும். விரலால் வைத்த குங்குமத்துக்கு ஓரம் கொஞ்சம் உதிரியாக இருக்கத்தான் வேண்டும், அந்த அம்மாவின் படத்திலும் கீழ் ஓரத்தை அப்படியே விட்டேன்.

இந்த வழி எடுபடாத இடம் ஒன்று உண்டு. வியர்வையில் ஃபிளாஷ் அடித்து மூன்று சேனலும் 255-இல் வெளுத்துப் போன இடத்தில் தூக்குவதற்கு அடியில் தோலே இல்லை. அந்த மாதிரிப் படத்துக்கு, அதே நேரத்தில் எடுத்த வேறொரு பிரேம் இருக்கிறதா என்று கேட்டு, நெற்றியை அதிலிருந்துதான் எடுப்பேன்.