எழுத்துச் சுடோகு புத்தகம்: இரண்டு வருடம் கழித்து

மதினி போன வாரம் கேட்டார்: “தம்பி, நீங்க பஸ்ஸுல வச்சுப் போட்டுக்கிட்டே வருவீங்களே, அந்த எழுத்துக் கட்டப் புத்தகம் இப்போ பாதி விலைக்குப் போட்டிருக்கான். பையனுக்கு வாங்கலாமா?” உடனே வாங்குங்க என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

திருமங்கலத்திலிருந்து பெரியார் நிலையத்துக்குப் போகும் பேருந்தில் இரண்டு வருடமாக இந்தப் புத்தகம் என் பையில் இருக்கிறது. நூறு புதிர்களையும் முடித்து, சிலவற்றை அழித்துவிட்டு மறுபடியும் போட்டிருக்கிறேன். விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். எண்ணுக்குப் பதில் எழுத்து. ஒவ்வொரு குறுக்கு வரிசையிலும் நெடுக்கு வரிசையிலும் பெட்டியிலும் ஒவ்வொரு எழுத்தும் ஒரே முறை. எழுத்துகளைக் கலைத்து மேலே கொடுத்திருப்பார்கள். அவற்றைச் சேர்த்தால் வரும் சொல் ஏதோ ஒரு வரிசையில் ஒளிந்திருக்கும். இதைப் போலிச் சுடோகு என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒப்புதல் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இந்த மாதிரிச் சதுரங்களை லத்தீன் எழுத்துகளை வைத்துத்தான் எழுதினார். லத்தீன் சதுரம் என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். 61ஆம் பக்கப் புதிரின் சொல் ‘மதுரைக்காரர்கள்’. எண்ணிப் பாருங்கள்: ம, து, ரை, க், கா, ர, ர், க, ள். சரியாக ஒன்பது எழுத்து, ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. இதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு கும்பிடு. எண் சுடோகுவில் ஒரு வரிசையில் எது இல்லை என்று பார்க்க ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். இங்கே அந்தச் சொல்லையே மனசுக்குள் வாசிக்கிறோம். ம இருக்கிறது, து இருக்கிறது, அடுத்து ரையைக் காணோம் என்று வாய் தானாக நின்றுவிடும். எண்களை எண்ணும்போது எனக்கு இப்படி நின்றதில்லை. இந்த ஒரு சுகத்துக்காகவே நூறு புதிரையும் போட்டேன்.

ஆனால் அதே 61ஆம் பக்கம்தான் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. ஒரு நெடுக்கு வரிசையில் க்-வுக்கு இடமே இல்லை. க-வோ இரண்டு இடம் கேட்டது. என் தப்பு என்று நினைத்து மூன்று முறை அழித்தேன். தாள் ஓட்டையாகும் அளவுக்குத் தேய்த்தேன். கடைசியில் விடைப் பக்கத்தைப் பார்த்தால், கொடுக்கப்பட்டிருந்த ஒரு க, உண்மையில் க். அச்சில் புள்ளி விழுந்துபோயிருக்கிறது.

இது எல்லாச் சொல்லுக்கும் நேராது. ‘ஜிகர்தண்டா’ புதிரில் ர்-இன் புள்ளி போனால் ர என்று தெரியும். அந்த ஆறு எழுத்தில் ர இல்லவே இல்லை, அதனால் பார்த்த கணமே பிழை புரிந்துவிடும். மதுரைக்காரர்களில் க-வும் க்-வும் தனித்தனி எழுத்து, ர-வும் ர்-வும் அப்படியே. புள்ளி போனால் பிழை இன்னொரு சரியான எழுத்தின் வேடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போது நான் பார்ப்பது இதைத்தான்: முரண்பாடு ம-வுக்கும் து-வுக்கும் நடுவில் வந்தால் பெரும்பாலும் என் கவனக்குறைவு, க, க் போன்ற ஜோடிக்குள் வந்தால் முதலில் அச்சைச் சந்தேகப்படு. பென்சிலில் எழுதும்போதும் புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம் போடுகிறேன். கை பட்டால் புள்ளி மறைந்துவிடுகிறது, வட்டம் நிற்கிறது. நூறு புதிரில் நான்கில் புள்ளி போயிருந்தது. மலிவுத் தாளில் அச்சடித்த புத்தகத்துக்கு அதை மன்னிக்கலாம் என்றுதான் இருந்தேன்.

மன்னிக்க முடியாதது இன்னொன்று. அதற்கு அச்சின் மேல் பழி போட முடியாது, புதிர் அமைத்தவர் மேல்தான் போட வேண்டும். சிறுவர் பகுதியில் நான்குக்கு நான்கு கட்டம், சொல் ‘மல்லிகை’: ம, ல், லி, கை. கொடுத்த எழுத்துகளை வைத்து நிரப்பிக்கொண்டே போனால் கடைசியில் இப்படி வந்து நிற்கும்:

```
 _   _  | லி  கை
லி  கை | ம   ல்
---------------
 _   _  | கை  லி
கை  லி | ல்  ம
```

மீதி நான்கு கட்டம். நான்குக்கும் ம, ல் என்ற இரண்டே எழுத்து. முதல் வரிசையில் ம, ல் என்றும் மூன்றாவதில் ல், ம என்றும் போடலாம். மாற்றி முதலில் ல், ம என்றும் மூன்றாவதில் ம, ல் என்றும் போடலாம். இரண்டிலும் ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு பெட்டியும் சரியாக இருக்கும். போட்டுப் பாருங்கள். இரண்டு குறுக்கு வரிசை, இரண்டு நெடுக்கு வரிசை, இரண்டே பெட்டி. இதற்குள் நான்கு மூலையிலும் அதே இரண்டு எழுத்து வந்து, அந்த நான்கில் ஒன்றுகூட அச்சிட்டுக் கொடுத்ததாக இல்லையென்றால், எவ்வளவு யோசித்தாலும் அதைப் பிரிக்க முடியாது. நான்கு மூலையில் ஏதாவது ஒன்றில் ஓர் எழுத்தைக் கொடுத்திருந்தால் போதும், புதிர் நேராகிவிடும்.

அமைத்தவர் சொல்லை நம்பி விட்டிருக்கிறார் என்பது புரிகிறது. முதல் விடையில் மேல் வரிசை ‘மல்லிகை’. இரண்டாவதில் அது ‘ல்மலிகை’. தமிழில் புள்ளி எழுத்தில் சொல் தொடங்காது என்பது நமக்குத் தெரியும். இலக்கணத்தை வைத்துப் புதிரை முடிப்பது அழகான யோசனைதான், அதை நான் மறுக்கவில்லை. அப்படியென்றால் ‘சொல்லைக் கண்டுபிடித்தால்தான் புதிர் முடியும்’ என்று முன்பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். முன்பக்கத்தில் எழுதியிருப்பதோ ‘ஒவ்வொரு புதிருக்கும் ஒரே விடை, தர்க்கம் மட்டும் போதும்’ என்று. சொல் கடைசியில் கிடைக்கும் பரிசாக இருக்க வேண்டும். விடுபட்ட எழுத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையாக அது இருக்கக் கூடாது. இந்த மாதிரி ஏழு புதிர் இருக்கிறது, ஏழும் சிறுவர் பகுதியில்.

எனக்கு நாற்பத்தாறு வயது. கட்டம் மாட்டிக்கொண்டால் புத்தகத்தைத் திட்டிவிட்டு மூடி வைப்பேன். மதினி பையனுக்குப் பதினொன்று. அவன் புத்தகத்தைச் சந்தேகப்பட மாட்டான், தன்னைத்தான் சந்தேகப்படுவான். ல்-இல் தொடங்கி எழுதிவிட்டு, விடைப் பக்கத்தைப் பார்த்து, ஒரு தப்பும் செய்யாமலே தப்பு என்று கோடு போட்டுக்கொள்வான். அதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

நூறில் பதினொன்றுதான் பழுது, மீதி எண்பத்தொன்பதும் சுத்தமானவை என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றில் சில, நான் போட்ட எந்த எண் சுடோகுவையும்விட நன்றாக இருந்தன. விலை குறைந்திருப்பது மறுபதிப்போ என்று நினைத்து நேற்று மாலை கடையில் போய்ப் புரட்டிப் பார்த்தேன். பதிப்பு ஒன்றேதான். 61ஆம் பக்கத்தில் அந்த க இன்னும் புள்ளியில்லாமல்தான் இருக்கிறது.

மதினியிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் பிரதியில் நான்கு புள்ளிகளையும் சிவப்பு மையில் வைத்து, அந்த ஏழு புதிரிலும் விட்டுப்போன ஓர் எழுத்தை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பையனிடம் அதைக் கொடுப்பேன். முடித்ததும் எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லித்தான் கொடுப்பேன்.