ஆட்குறைப்பா? ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

2023-இல், அறுபது பேர் வேலை பார்த்த எங்கள் தொழிற்சாலையில் ஒரு பிரிவையே மூடினார்கள். மனிதவள அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்றில் ‘இறுதித் தீர்வு ரூ.50,000’ என்ற கணக்கு. மற்றொன்று, ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று முன்கூட்டியே அச்சடித்த ராஜினாமா கடிதம். “ரெண்டிலும் கையெழுத்துப் போட்டால்தான் காசோலை” என்றார்.

வஞ்சகமே அந்த இரண்டாவது தாளில்தான் இருக்கிறது. தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடும் கிடையாது, அறிவிப்புக் கால ஊதியமும் கிடையாது. நான் மறுத்துவிட்டேன். பிறகு வேலைநீக்கக் கடிதத்தோடு அதே ஐம்பதாயிரம் தபாலில் வந்தது. ‘குறைவான தொகை, மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று பதிவுத் தபாலில் எழுதிவிட்டுத்தான் காசோலையை வங்கியில் போட்டேன்.

கணக்கைப் பாருங்கள். என் சம்பளம் 24,000: அடிப்படை 10,000, அகவிலைப்படி 5,000, வீட்டு வாடகைப்படி 6,000, மற்ற படிகள் 3,000. சேவை 8 ஆண்டு 7 மாதம். அவர்கள் அடிப்படையில் பாதியான 5,000-ஐ எட்டால் பெருக்கி 40,000 போட்டார்கள். அறிவிப்புக்கு 10,000. ஆனால் அன்று அமலில் இருந்த 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப் பிரிவு சொல்வது வேறு. கடைசி மூன்று முழு மாதங்களின் சராசரி ஊதியத்தில், படிகளையும் சேர்த்து, ஆண்டுக்கு 15 நாள் தர வேண்டும். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் ஒரு முழு ஆண்டாகும். ஆக 12,000 × 9 = 1,08,000. முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்காததால் ஒரு மாத ஊதியம் 24,000. மொத்தம் 1,32,000. என்னிடம் மறைத்தது 82,000 ரூபாய்! பணிக்கொடை இதில் சேராது. அது தனிச் சட்டப்படி தனியாக வர வேண்டிய பணம்.

தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்) மனுக் கொடுத்தேன். அவர் சம்பளச் சீட்டுகளைப் பார்த்ததும் நிறுவனத்தால் மறுத்துப் பேச முடியவில்லை. மீதியைத் தந்தார்கள். கையெழுத்துப் போட்ட நண்பர்களிடம் மட்டும், “நீங்களாகத்தானே விலகினீர்கள்?” என்றே இன்றுவரை கேட்கிறார்கள். மிரட்டி வாங்கிய கையெழுத்து என்பதை அந்த நண்பர்கள்தான் முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு மாத அறிவிப்பும் 15 நாள் கணக்கும் அதிலும் உண்டு. ஆனால் ‘ஊதியம்’ என்பதன் வரையறை மாறிவிட்டது: வீட்டு வாடகைப்படி போன்றவை கழிக்கப்படும், அப்படிக் கழிப்பவை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை மீண்டும் ஊதியத்தில் சேரும். அதனால் வேலை போன தேதியைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். சம்பளச் சீட்டுகளின் நகலை வீட்டில் வைத்திருங்கள். வேலையை விட்டு அனுப்பியதும் நிறுவனக் கணினியில் நுழையவே விட மாட்டார்கள்.