செல்லர் பேனல்ல ரொம்ப நாளா குப்பை கொட்டின அனுபவம்: தோசைக்கல் லிஸ்டிங்கை வெட்டின கதை

பித்தளைப் பாத்திரம் ஆன்லைன்ல விக்க ஆரம்பிச்சிருக்கற ஃப்ரெண்ட் ஒருத்தர் கேட்டாரு, லிஸ்டிங் எழுதித் தர்ற ஏஜென்சிக்கு காசு கொடுக்கலாமான்னு. ஃபோன்ல சொல்லி முடியல, அதனால இங்க எழுதுறேன். நான் விக்கிறது வார்ப்பிரும்பு தோசைக்கல். எந்த சைட்டுன்னு சொல்லல, எல்லா பெரிய சைட்லயும் ஏறக்குறைய இதே கதைதான். அக்கவுண்ட் ஓப்பன் பண்றது, ஜிஎஸ்டி, பேமெண்ட் சைக்கிள் இதெல்லாம் தெரிஞ்சவங்களுக்குத்தான் இது.

எங்க லிஸ்டிங்கை முதல்ல எழுதினது ஒரு ஏஜென்சி. பிராண்ட் பேரை எடுத்துட்டு டைட்டிலை அப்படியே போடறேன்:

```
Premium Quality 100% Natural Pure Cast Iron Dosa Tawa Heavy Duty Traditional South Indian Dosa Kallu Non Stick Iron Tawa for Dosa Roti Chapati Best Gift for Kitchen, Black, 12 Inch
```

கம்ப்யூட்டர்ல முழுசா தெரியும், பார்க்கவும் கெத்தா இருக்கும். ஃபோன்ல தேடினா Traditional வரைக்கும் வந்துட்டு மூணு புள்ளி. கல்லு எத்தனை இன்ச்சுன்னு எங்கயுமே இல்ல. உள்ள போனா முதல் பாயிண்ட்ல "பாட்டி காலத்து பாரம்பரியம்", ரெண்டாவதுல "ஆரோக்கியம்", அதுக்கு கீழ "மேலும் பார்க்க"ன்னு மடிச்சுருது. அளவு அஞ்சாவது பாயிண்ட்ல. அதைத் தட்டித் திறந்து எத்தனை பேரு படிப்பாங்க?

எதை மேல கொண்டு வரணும்னு நாமளா யோசிக்க வேண்டியதில்லைங்க, வாங்கறவங்க ஏற்கனவே சொல்லி வச்சிருக்காங்க. கேள்வி-பதில் பகுதியையும் ரிட்டர்ன் ரிப்போர்ட்ல இருக்கற காரணத்தையும் எடுத்து ஒரு பேப்பர்ல வரிசையா எழுதினேன். திரும்பத் திரும்ப வந்தது நாலே விஷயம். 12 இன்ச்சுங்கறது கைப்பிடியோட சேர்த்தா சேர்க்காமலா, வெயிட் எவ்வளவு, இண்டக்‌ஷன்ல வேலை செய்யுமா, வந்த உடனே தோசை ஊத்தலாமா இல்ல பழக்கணுமா. பாட்டி காலத்தைப் பத்தி ஒருத்தர்கூட கேக்கல. அந்த நாலுதான் முன்னாடி வரணும், அவ்வளவுதான் ரகசியம். டைட்டில் இப்ப இப்படி:

```
Cast Iron Dosa Tawa 12 Inch / 30 cm, 2.8 kg, Pre-Seasoned, Induction
```

எடுத்த வார்த்தைங்க தேடல்ல போயிடுமேன்னு பயம் வரும், நியாயமான பயம்தான். அதுக்குன்னு பேனல்ல வாங்கறவங்க கண்ணுக்குத் தெரியாத ஒரு தேடல்சொல் பெட்டி இருக்கு. dosa kallu, roti tawa எல்லாத்தையும் அங்க தள்ளிட்டேன். டைட்டில்ல இருக்கறதையே அங்க மறுபடி போடறது வேஸ்ட். ஒண்ணு மட்டும் பார்த்துக்கங்க, நான் இருக்கற சைட்ல அந்தப் பெட்டிக்கு எல்லை எழுத்துக் கணக்குல இல்ல, பைட் கணக்குல. இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுக்கு 1 பைட், தமிழ்ல ஒவ்வொரு எழுத்துக்கும் 3, அதோட சேர்ற துணைக்குறி, புள்ளி ஒவ்வொண்ணுக்கும் இன்னொரு 3. "தோசைக்கல்"னு ஒரு வார்த்தை போட்டா 27 பைட் காலி, dosa kallu போட்டா 10. அதனால தமிழ் எழுத்துல ரொம்ப முக்கியமான ஒண்ணு ரெண்டு வார்த்தை மட்டும் வச்சுக்கிட்டேன்.

பாயிண்ட்ஸ்ல முதல் வரி: விளிம்புல இருந்து விளிம்பு 30 செ.மீ, கைப்பிடி தனி, வெயிட் 2.8 கிலோ. கைப்பிடியோட மொத்த நீளமும் போட்டேன், ஏன்னா நாலு பர்னர் அடுப்புல பக்கத்து பர்னர்ல குக்கர் வைக்க இடம் இருக்குமான்னு பார்க்கறவங்க இருக்காங்க. ரெண்டாவது இண்டக்‌ஷன். ஏஜென்சி "எல்லா அடுப்புக்கும் ஏத்தது"ன்னு ஒரே வரில முடிச்சிருந்தாங்க. இரும்பு காந்தத்துல ஒட்டும், அதனால வேலை செய்யும்கறது உண்மைதான், ஆனா வீட்டு இண்டக்‌ஷன் அடுப்போட காயில் கல்லை விட நல்லா சின்னது, நடுவுல கருகும் ஓரத்துல மாவு வெள்ளையா நிக்கும், அப்புறம் "கல்லு டிஃபெக்ட்"னு ரிட்டர்ன். இப்ப தெளிவா எழுதிட்டேன்: இண்டக்‌ஷன்ல வேலை செய்யும், குறைஞ்ச சூட்டுல மெதுவா காய வைங்க, ஓரம் லேட்டாத்தான் சூடாகும், ஃபுல் சைஸ் தோசைக்கு கேஸ்தான் சரி. மூணாவது, பழக்கி அனுப்பறோம், தண்ணில ஊற வச்சா துரு வரும், கழுவி துடைச்சு எண்ணெய் தடவி வைங்க. டைட்டில்ல இருந்த Non Stick-ஐ எடுத்தேன். அது கோட்டிங் கல்லுன்னு நினைச்சு வாங்கிட்டு முதல் தோசை ஒட்டினதும் திட்டினவங்க நிறைய.

இதுல எதிர்பார்க்காத சந்தோஷம் கொடுத்தது ரெண்டாவது படம்தான். ஃபோன்ல ஆளுங்க படிக்கறதுக்கு முன்னாடி படத்தைத்தான் தள்ளித் தள்ளிப் பார்ப்பாங்க. முதல் படத்துல எழுத்து போட விடமாட்டாங்க, வெள்ளை பின்னணில பொருள் மட்டும். ரெண்டாவதுல முன்னாடி சிரிச்ச முகத்தோட ஒரு குடும்பம் இருந்துச்சு, அதைக் கடாசிட்டு கல்லு மேல ஸ்கேல் வச்ச படமும் நாலே நாலு விஷயமும் போட்டேன். டிசைனர் பையன் அழகா சின்ன எழுத்துல போட்டுக் கொடுத்தான். 2000 பிக்சல் அகல படம் ஃபோன்ல ஆறரை செ.மீ அகலத்துக்கு சுருங்குது, அப்ப 30 பிக்சல் உயர எழுத்து 1 மி.மீ தான் நிக்கும், யாரு கண்ணுக்குத் தெரியும்? குறைஞ்சது 80 வைக்கச் சொன்னேன். கல்லு படம் போக மிச்ச இடத்துல 80-ல எழுதினா நாலு வரிக்கு மேல ரொம்பப் போடமுடியாது, அதுவே ஒரு நல்ல கட்டுப்பாடு. இந்தப் படம் ஏத்தினதுக்கப்புறம் "எத்தனை இன்ச்"ங்கற கேள்வி கிட்டத்தட்ட நின்னே போச்சு.

வெட்டக் கூடாததும் இருக்கு. எம்ஆர்பி, நிகர அளவு, எந்த நாட்டுல தயாரிச்சது, தயாரிப்பாளர் பேரு அட்ரஸ் எல்லாம் 2011 லீகல் மெட்ராலஜி பேக்கேஜ்டு கமாடிட்டீஸ் விதிப்படி காட்டியே ஆகணும். அதுக்குன்னு தனி கட்டங்க இருக்கு, அங்கயே இருக்கட்டும். ஏஜென்சிக்காரங்க அட்ரஸை விளக்கத்துலயும் இன்னொரு தடவை ஒட்டியிருந்தாங்க, அதை மட்டும் தூக்கினேன்.

இப்ப எரிச்சலுக்கு வர்றேன். இந்த பேனல்ல இருக்கற ப்ரிவியூ கம்ப்யூட்டர் பக்கத்தை மட்டும்தான் காட்டுது! வாங்கறவங்க முக்கால்வாசி பேரு ஃபோன்ல வர்ற காலத்துல இது என்ன நியாயம்? கம்ப்யூட்டர்ல பாயிண்ட்ஸ் படத்துக்குப் பக்கத்துலயே நிக்கும், ஃபோன்ல படம், விலை, ஆஃபர், டெலிவரி, சைஸ் பட்டன் எல்லாம் தாண்டி எங்கயோ கீழ. சேவ் பண்ணி, அது லைவ் ஆகற வரைக்கும் காத்திருந்து, ஃபோன்ல பார்த்து, ஒரு வரி மடிப்புக்குள்ள போயிருந்தா மறுபடி முதல்ல இருந்து. நான் எங்க அம்மா ஃபோனை வாங்கி பார்ப்பேன், அவங்க எழுத்தை பெருசா வச்சிருப்பாங்க, அதுல டைட்டில் இன்னும் சீக்கிரமே வெட்டுப்படும். அதுலயும் "12 Inch" தெரிஞ்சாத்தான் விடுவேன். எத்தனை தடவை சப்போர்ட்டுக்கு எழுதியாச்சு, "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ஒரே பதில்.

டைட்டில்ல 2.8 கிலோன்னு போட்ட பிறகு உள்ள வர்றவங்க கொஞ்சம் குறைஞ்சாங்க, அதையும் சொல்லிடணும். வெயிட்டைப் பார்த்து பயந்து போறவங்க போறாங்க. ஆனா "ரொம்ப கனம்"னு வர்ற ரிட்டர்ன் நல்லா குறைஞ்சுது, இந்த கனத்துக்கு ரெண்டு பக்க கூரியர் காசு போனா ஒரு ரிட்டர்ன் நாலஞ்சு கல்லோட லாபத்தைத் தின்னுரும். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, டைட்டிலை மாத்திட்டு ரெண்டு மூணு வாரம் விட்டு படத்தை மாத்துங்க, நடுவுல தீபாவளி சேல் கீல் வராம பார்த்துக்கங்க. இல்லன்னா எதனால எது மாறுச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

விற்பனை நல்லா இருக்கு, பணம் ஒழுங்கா வருது, ரிட்டர்ன் ரிப்போர்ட் மாதிரி உபயோகமான விஷயத்தை ஓசில தர்றாங்க. இருந்தும் பேனலுக்கு என் மார்க் அஞ்சுக்கு ரெண்டுதான், அந்த ப்ரிவியூ ஒண்ணுக்காகவே. ஃப்ரெண்டுக்கு பதில்: ஏஜென்சிக்குக் கொடுக்கற காசுல நல்ல ஸ்கேல் ஃபோட்டோ எடுங்க, பித்தளைல உள்ள ஈயம் பூசியிருக்கா, எத்தனை லிட்டர், இண்டக்‌ஷன்ல வேலை செய்யாது, இந்த மூணையும் முதல்ல எழுதுங்க.