‘மதியம் 2 மணிக்குள்’: மதுரையில் ஒரே பொக்கே கடை, மூன்று வருடம்

நான் இருப்பது பெங்களூரில், அம்மா அப்பா இருப்பது திருநகரில். பிறந்தநாள், கல்யாண நாள் என்று மூன்று வருடமாக மதுரையில் ஒரே கடையிலிருந்துதான் அவர்களுக்குப் பூ அனுப்புகிறேன். இதுவரை பதினாலு ஆர்டர். குறையும் சொல்லப்போவதால் கடையின் பெயர் வேண்டாம்.

விசேஷம் நெருங்கும்போதெல்லாம் கடையிலிருந்து ஒரு போஸ்ட் வரும். பெரிய பொக்கே படம், ஓரத்தில் ‘650 ரூபாய் முதல்’, கீழே ‘இன்றே டெலிவரிக்கு மதியம் 2 மணிக்குள் ஆர்டர் செய்யவும்’. இந்த இரண்டு வரியையும் சரியாகப் படிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

முதலில் விலை. அந்த ‘முதல்’ என்ற சின்ன வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. படத்தில் இருப்பது முப்பது ரோஜாவும் நடுவில் லில்லியும் வைத்தது, அதற்கு 1,600. எழுதியிருக்கும் 650 பன்னிரண்டு ரோஜாவுக்கு. நடுவில் இருபது ரோஜா 950. என் வழக்கமான ஆர்டர் அதுதான். கூடவே திருநகருக்கு டெலிவரி 120, வாழ்த்து அட்டை 30, அம்மாவுக்கு நாலு முழம் மல்லி. மல்லிக்கு மட்டும் போஸ்டில் விலை இருக்காது, ‘அன்றைய விலை’ என்றுதான் போட்டிருப்பார்கள். போன ஆடியில் முழம் 30 என்று வாங்கினேன், மொத்தம் 1,220. அதே ஆர்டருக்குத் தை மாதத்தில் மல்லி மட்டுமே 400 ஆனது. பனிக்காலத்தில் செடியில் மொட்டு குறைந்துவிடும். முகூர்த்தமும் சேர்ந்தால் மாட்டுத்தாவணியில் விலை எங்கே போகும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதில் கடையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பழைய போஸ்டைக் காட்டி “650 போட்டிருக்கே” என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. நான் கேட்டேன். “அண்ணே, அது போன விசேஷத்து விலை” என்று பதில் வந்தது. போஸ்டில் தேதி போட்டிருந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்?

இனி அந்த 2 மணி.

முதல் ஆர்டர் அம்மாவின் பிறந்தநாளுக்கு. 1:40க்குச் செய்தி அனுப்பிவிட்டேன். எந்த நிறம், அட்டையில் என்ன எழுதுவது, வீட்டு அடையாளம் என்ன என்று பேசிப் பேசிப் பணம் போட்டபோது 2:10. “பணம் வந்த நேரம்தான்ணே ஆர்டர் நேரம்” என்றார் கடைக்காரர். சரி, போச்சு என்று நினைத்தேன். ஆனால் இரவு 7 மணிக்கே பொக்கே வீட்டுக்குப் போய்விட்டது.

எப்படி என்பது அடுத்த முறை ஊருக்குப் போய்க் கடையில் உட்கார்ந்து பேசியபோதுதான் புரிந்தது. ரோஜா ஓசூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வருகிறது. காலையில் தண்டின் நுனியை வெட்டி வாளித் தண்ணீரில் வைத்துவிடுவார்கள். மதியத்துக்குள் வாளியில் எத்தனை மிச்சம் என்பது தெரிந்துவிடும், அதற்குமேல் அன்றைக்கு வேறு பூ வரப்போவதில்லை. ஒரு பொக்கே கட்ட அரைமணி நேரம். டெலிவரிக்கு ஒரே தம்பி, ஒரே வண்டி. மூன்று மணிக்கு வைகையைத் தாண்டி அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் முதல் சுற்று. திரும்பி வந்து ஆறு மணிக்குப் பழங்காநத்தம், பசுமலை, திருநகர் என்று இரண்டாம் சுற்று. ஆக, 2 மணி என்பது வடகரைக்காரர்களுக்குத்தான் கறார். எங்கள் வீட்டுக்கு நாலு மணிக்குச் சொன்னாலும் பூ இருந்தால் போய்ச் சேரும். போஸ்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தைப் போட்டுவிடுகிறார்கள்.

இது தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் மப்பு ஏறிவிட்டது. அதன் பலன் அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாளில் கிடைத்தது. ஆவணி மாதம், நல்ல முகூர்த்த நாள். நாற்பது வருடத்துக்கு முன்னால் முகூர்த்தம் பார்த்துக் கட்டியவர்களின் கல்யாண நாள் மறுபடி முகூர்த்தத்தில் விழுந்தால், அன்றைக்குப் பூக்கடை எப்படி இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். 1:30க்குப் பணமும் போட்டு, நிம்மதியாக வேலையைப் பார்த்தேன். மாலை 7:30க்கு, “அண்ணே, இன்னைக்கு முடியாது, நாளைக்குக் காலையில கண்டிப்பா” என்று குரல் செய்தி. தம்பி மண்டப வேலைக்குப் போய்விட்டானாம். முகூர்த்த நாளில் கெடு காலை 11 மணி. அதைத் தனியாக ஒரு போஸ்டில் போட்டிருந்தார்கள், நான் பார்க்கவில்லை. என் தப்புதான். ஆனால் 1:30க்குப் பணத்தை வாங்கிக்கொண்டு ஆறு மணி நேரம் சும்மா இருந்தது அவர்கள் தப்பு.

மறுநாள் வந்த பொக்கே அதைவிட மோசம். வீடியோ காலில் பார்த்தபோது ரோஜாக்கள் எல்லாம் அளவெடுத்த மாதிரி சின்னதாக, வழவழவென்று இருந்தன. புது ரோஜாவில் வெளி இதழ் ஒன்றிரண்டு பச்சை ஓடி, சற்று முரடாக இருக்கும். அது அழகில்லை என்று தோன்றினாலும் பூ புதிது என்பதற்கு அதுதான் சாட்சி. வாடிய இதழ்களை உரித்துவிட்டால் பழைய பூவும் மொட்டு மாதிரி தெரியும். அப்பாவிடம் ஒரு பூவை உருவச் சொன்னேன். தண்டின் அடி கறுத்து, வழுக்கியது. காம்புக்கு மேலே மொட்டை மெதுவாக அழுத்தச் சொன்னேன். “பஞ்சு மாதிரி இருக்குப்பா” என்றார். புதுப் பூ கெட்டியாக இருக்கும். படம் எடுத்து அனுப்பி, கேட்டுக் கேட்டு, டெலிவரிக் கட்டணம் 120 மட்டும் திரும்பி வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் அதே கடை? மற்ற பதிமூன்று முறையும் பூ நன்றாக இருந்தது என்பது ஒன்று. ரோஜாவைக் கூடையில் பச்சை ஸ்பாஞ்சில் குத்தி அனுப்பும்போது, தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒரு சீட்டும் வைக்கிறார்கள். அப்படி ஊற்றியதில் மே மாத வெயிலிலேயே நாலு நாள் தாங்கியது. இன்னொன்று, சொன்னால் திருத்திக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் மல்லியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தருவார்கள். உள்ளே வேர்த்து, வீட்டுக்குப் போவதற்குள் ஓரமெல்லாம் பழுப்பாகிவிடும். ஒரு தடவை சொன்னேன். அதிலிருந்து வாழையிலையில் மடித்து நூல் கட்டி வருகிறது. காலையில் மொட்டாக வாங்கித் தொடுத்தது இரண்டாம் சுற்றில் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகும்போதுதான் மலர ஆரம்பிக்கும். எங்கள் வீட்டுக்கு அந்தத் தாமதம் ஒரு வகையில் வசதி.

இப்போதெல்லாம் முதல் நாளே காலண்டரில் முகூர்த்தம் பார்த்துவிடுகிறேன். “நாளைக்கு எத்தனை மணி வரைக்கும்ணே, திருநகருக்கு?” என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் பணம். கட்டி முடித்ததும் வண்டியில் ஏற்றும் முன் ஒரு படம் அனுப்பச் சொல்கிறேன். கூடவே தண்டு நுனியையும்.

அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பொக்கே வந்த மறுநாள் காலையில் அதைப் பிரித்து, ரோஜாவை எல்லாச் சாமி படத்துக்கும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, ரிப்பனைச் சுருட்டி டப்பாவில் போட்டுவிடுவார். “இத தலையில வைக்க முடியுமா சொல்லு, பூவ மட்டும் அனுப்புனா பத்தாதா?” என்று போன மாதமும் கேட்டார். அதனால் இந்த முறை ஆறு ரோஜா, பத்து முழம் மல்லி என்று ஆர்டர் போட்டேன். “பொக்கே ரொம்பச் சின்னதா வருமேண்ணே” என்றார் கடைக்காரர். அம்மா வீட்டில் எத்தனை சாமி படம் என்று எண்ணிப் பார்த்தேன். ஏழு. ரோஜாவை ஏழாக்கச் சொன்னேன்.