ஸ்கிராப் டெண்டர்: மொத்த லாட்டா, கிலோ ரேட்டா?

பழைய இரும்பு, வெட்டித் துண்டுகள், இனி ஓடாத மெஷின், ஆர்டர் ரத்தாகி மிஞ்சிய உதிரி பாகம் என எல்லாம் ஒரு மூலையில் குவிந்துவிட்டால், மூடிய உறையில் டெண்டர் கேட்டு விற்பதே சரி என்பதில் பலருக்கும் சந்தேகம் இருக்காது. எதிரெதிரே நின்று கேட்கும் ஏலத்தில் வழக்கமான வியாபாரிகள் நாலு பேர் வெளியிலேயே பேசி முடித்துக்கொண்டு வரலாம். மூடிய உறையிலும் அது நடக்கும்தான், ஆனால் அடுத்தவர் என்ன எழுதினார் என்று தெரியாததால் பேச்சை மீறிக் கூட்டி எழுத ஒருவருக்காவது ஆசை வரும். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையான கேள்வி, உறைக்குள் எதற்கு விலை கேட்பது என்பது: குவியல் மொத்தத்துக்கும் ஒரே தொகையா, அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்று ரேட்டா? நாங்கள் எடைபோடக்கூடிய ஸ்கிராப் எல்லாவற்றையும் கிலோ ரேட்டுக்கு மாற்றிவிட்டோம், நான் அந்தப் பக்கம்தான் பேசப் போகிறேன்.

லாட்டின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம் சீக்கிரம் காலியாகும், பணம் ஒரே தடவையில் வந்துவிடும், எடை மேடைக்கு வண்டியோடு ஆள் போக வேண்டியதில்லை. 'உள்ளது உள்ளபடியே, இருக்கும் இடத்திலேயே' என்று நிபந்தனை போட்டுவிட்டால் பிறகு தரத்தைப் பற்றிய சண்டையும் குறைவு.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்கிராப் பதிவேட்டில் இரும்பு 10,000 கிலோ என்று இருக்கிறது. லாட்டாகக் கேட்டால் அதிகபட்ச உறை 3,00,000, அதாவது கிலோவுக்கு 30. அதே பொருளுக்கு ரேட் கேட்டால் 32 வருகிறது, ஏனென்றால் வாங்குபவர் எடை குறைந்துவிடுமோ என்ற பயத்துக்கு ஒன்றும் கழித்துக்கொள்ள வேண்டியதில்லை. எடை போட்டபோது 11,400 கிலோ. ரேட்டில் 3,64,800 கிடைக்கிறது, லாட்டில் அதே 3,00,000தான், கிலோவுக்கு 26 சொச்சம். மாறாக எடை 8,700தான் இருந்தால் ரேட்டில் 2,78,400, லாட்டாக விற்றவருக்கு 21,600 லாபம். ஆக லாட்டில் எப்போதும் நஷ்டம் என்று சொல்ல முடியாது. குவியலை யார் நன்றாக அறிந்திருக்கிறாரோ அவருக்குச் சாதகம், அது பெரும்பாலும் கண்ணாலேயே எடை சொல்லிவிடும் வியாபாரிதான்.

பணத்தை விட என்னை ரேட் பக்கம் திருப்பியது பதிவேடு. மேலே சொன்ன 11,400 கிலோவை லாட்டாக விற்றிருந்தால், ஸ்டோரில் இருப்பவர் '10,000 வரவு, 10,000 விற்பனை, இருப்பு இல்லை' என்று எழுதி மூடிவிடுவார். பக்கம் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் அந்த 1,400 கிலோ எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவே மாட்டார்கள். ஒர்க்ஷாப்பிலிருந்து எடை போடாமல் கொட்டுகிறார்களா, நல்ல ராடையும் துண்டாக்கி ஸ்கிராப்பில் போடுகிறார்களா என்பதெல்லாம் அந்த வித்தியாசத்தில்தான் தெரியும். 8,700 ஆக இருந்திருந்தால் காணாமல் போன 1,300 கிலோவும் அப்படியே லாட்டோடு சேர்ந்து 'விற்பனை' ஆகிவிடும். வித்தியாசம் எந்தப் பக்கம் இருந்தாலும் லாட் அதை மூடி மறைக்கிறது, ரேட் அதை ஒரு வரியாக எழுத வைக்கிறது. அந்த வரியை, அதாவது 'எடையில் கண்ட கூடுதல்' அல்லது 'குறைவு' என்பதை, காரணத்தோடு ஸ்டோர் பொறுப்பாளர் அல்லாத ஒருவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகுதான் பதிவேட்டை மூட வேண்டும். விற்பனைத் தொகையை வைத்துப் பின்னோக்கி எடையைச் சரிக்கட்டி எழுதுவதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான பழக்கம்.

சரி, ரேட்டில் ஏமாற்ற முடியாதா? முடியும், எல்லாம் எடை மேடையில். காலி வண்டியை எடை போடும்போது ஆட்கள் உள்ளே உட்கார்ந்திருப்பது, தண்ணீர் டிரம்மும் கல்லும் ஏற்றி வைப்பது, லோடு எடைக்கு முன் அவற்றை இறக்கிவிடுவது. காலி எடை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு இரும்பு இலவசமாகப் போகிறது. காலையில் ஒரு தடவை எடுத்த காலி எடையை நாள் முழுக்கப் பயன்படுத்தக் கூடாது, ஒவ்வொரு நடைக்கும் காலியாகவும் லோடோடும் போட வேண்டும். அதே வண்டியின் காலி எடைச் சீட்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், டீசல் அளவுக்குச் சின்ன வித்தியாசம் இருக்கலாம், நூற்றுக்கணக்கான கிலோ வித்தியாசம் இருந்தால் கேள்வி கேளுங்கள். இன்னொன்று, இரும்பு ரேட்டில் போகும் வண்டியின் அடியில் செம்பு. அதனால் செம்பு, பித்தளை, கேபிளை முதலிலேயே பிரித்துத் தனி ரேட்டாகக் கேட்டு, பூட்டி வைத்து, வேறு நாளில் ஏற்றுங்கள். மூன்றாவது, நல்லதை அள்ளிக்கொண்டு துருவையும் குப்பையையும் விட்டுப் போவது. டெண்டர் போடும்போதே கட்டும் முன்வைப்புத் தொகையை இடம் முழுதும் காலியாகும் வரை திருப்பித் தரமாட்டோம் என்று டெண்டரிலேயே எழுதியிருந்தால் இது பெருமளவு நின்றுவிடும்.

அப்புறம் அக்கவுண்ட்ஸ். முன்பணம் வந்த அன்றே அதை வருமானமாக எழுதக் கூடாது, பொருள் வெளியே போகும் வரை அது வாங்குபவருக்கு நாம் தர வேண்டிய கடன்தான். ஒவ்வொரு நடைக்கும் எடைச் சீட்டு, கேட் பாஸ், பில் மூன்றிலும் அதே வண்டி எண், அதே நிகர எடை இருக்க வேண்டும். கடைசி நடை போன பிறகு மொத்த எடையை ரேட்டால் பெருக்கி, வந்த பணத்தோடு ஒப்பிட்டு, மிச்சத்தைத் திருப்பியோ வசூலித்தோ கணக்கை நேர் செய்ய வேண்டும். தோற்றவர்களின் முன்வைப்புத் தொகை திருப்பித் தரப்படாமல் வருஷக்கணக்கில் வைப்புக் கணக்கில் தொங்குவதை நிறையப் பார்க்கலாம், அதையும் இதே ஃபைலில் முடித்துவிடுங்கள்.

லாட்டுக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு: தனித்தனியாக அடையாளம் தெரிந்த மெஷின். ஓடக்கூடிய லேத்தைக் கிலோ ரேட்டுக்குக் கொடுத்தால் இரும்பு விலைதான் கிடைக்கும். அங்கே மெஷினுக்கு ஒரு விலை என்று கேளுங்கள், ஆனால் எண்ணோடு, சொத்துப் பதிவேட்டு வரியோடு. 5,00,000க்கு வாங்கியது, தேய்மானம் 4,60,000 போயிருக்கிறது, புத்தக மதிப்பு 40,000, விற்றது 65,000 என்றால் லாபம் 25,000 மட்டுமே. முழு 65,000ஐயும் 'இதர வருமானம்' என்று எழுதிவிட்டால் மெஷின் பதிவேட்டில் அப்படியே இருக்கும், போன மெஷினுக்கு அடுத்த வருஷமும் தேய்மானம் போட்டுக்கொண்டிருப்பார்கள். வாங்கிய விலை, சேர்ந்த தேய்மானம் இரண்டையும் நீக்கி, பதிவேட்டில் கேட் பாஸ் எண்ணை எழுதினால்தான் அந்த வரி முடிந்தது.

மின்னணுக் கழிவிலும் பழைய எண்ணெயிலும் எனக்கு அனுபவம் குறைவு. அவற்றை யார் வாங்கலாம் என்பதற்கே பல இடங்களில் உரிமம் கேட்கிறார்கள், அதனால் ரேட்டைப் பற்றி யோசிக்கும் முன் டெண்டர் போடுபவரின் உரிமத்தைப் பார்த்துவிடுங்கள். எடை மேடையே பக்கத்தில் இல்லாத இடத்தில் சின்னக் குவியலுக்காக வண்டியைத் தூரம் அனுப்புவதும் வீண் செலவு. அங்கே தரைத் தராசில் பகுதி பகுதியாகப் போட்டு, இரு தரப்பும் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டாலே ரேட் முறை ஓடிவிடும்.