சூடேற்றும் கையுறை: சில குளிர்காலங்களுக்குப் பிறகு

குளிர்காலம் முடியும் தறுவாயில் டொராண்டோ கடைகளில் பேட்டரியில் சூடாகும் கையுறைகளின் விலை இறங்கிவிடும். "உன்னிடம் இருப்பதுதானே இது? வாங்கலாமா? எனக்கும் விரல் வெளுத்துப் போகிறது" என்று தோழி கேட்டாள். அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால், மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே போடுகிறேன். மணிக்கட்டில் 7.4 வோல்ட் பேட்டரி, மூன்று அளவில் சூடு, விரல்களின் பின்பக்கத்தில் ஓடும் கம்பி என்ற விவரங்களெல்லாம் பெட்டியிலேயே இருக்கின்றன. பெட்டியில் இல்லாததைச் சொல்கிறேன்.

எனக்கு இருப்பது ரேனோ நோய். 1862இல் மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. குளிர் பட்டதும் விரல்களின் சிறு தமனிகள் அளவுக்கு மீறிச் சுருங்கிவிடும். குளிரில் எல்லோருக்கும் அவை கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். எங்களுக்குக் கிட்டத்தட்ட அடைத்துக்கொள்ளும்.

கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டும் ஒரு காலையை எடுத்துக்கொள்வோம். முதலில் நடுவிரலின் நுனி வெளுக்கும். வெளுப்பு மெல்ல மங்கிப் பரவாது. ஒரு கணுவில் கோடு போட்டதைப் போலச் சட்டென்று நின்றுவிடும். கோட்டுக்கு அந்தப் பக்கம் மெழுகு, இந்தப் பக்கம் என் விரல். பக்கத்து விரல்களுக்கும் அது தாவும். கட்டைவிரல் பெரும்பாலும் தப்பிவிடும். வெண்மைக்குப் பொருள், அங்கே ரத்தம் நுழையவில்லை என்பதுதான். நகத்தை அழுத்திவிட்டால் சாதாரண விரலில் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். வெளுத்த விரலில் திரும்ப ரத்தமே இல்லை. வலியும் பெரிதாக இராது, மரத்துப்போயிருக்கும்.

அடுத்தது நீலம். சிறு நாளங்களில் தேங்கிய கொஞ்சம் ரத்தத்திலிருந்து திசுக்கள் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. புது ரத்தம் வராததால் மிஞ்சியது கருத்து நிற்கிறது, அதுவே வெளியே நீலமாகத் தெரிகிறது. உள்ளே வந்து கை சூடாகும்போது தமனி திறக்கும், ரத்தம் பாய்ந்து வரும். அதுதான் சிவப்பு. விண்ணென்று தெறிக்கும், எரியும், ஊசி குத்தும். மூன்றில் அதிகம் வலிப்பது இதுதான் என்பதால் பலர் இங்கேதான் பயப்படுகிறார்கள். ஆனால் பயப்பட வேண்டிய கட்டம் இது இல்லை, விரலுக்கு உயிர் திரும்பும் கட்டம். சூடான இடத்துக்கு வந்தபின் பெரும்பாலும் கால் மணி, இருபது நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். எல்லோருக்கும் மூன்று நிறமும் வருவதில்லை. சிலருக்கு நீலம் வராமலே வெண்மையிலிருந்து சிவப்புக்குப் போய்விடும்.

நம் நிறத்துத் தோலில் இதைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். புறங்கையில் வெண்மை சாம்பல் பூத்ததுபோல மட்டும் தெரியலாம், நீலம் தெரியாமலே போகலாம். உள்ளங்கைப் பக்கத்தையும் நகத்தடியையும் பாருங்கள். வெளிச்சமுள்ள ஜன்னலோரத்தில், வெளுத்த விரலையும் வெளுக்காத விரலையும் சேர்த்து வைத்து செல்போனில் படம் எடுங்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் விரல் சரியாகிவிடும் என்பதால் மருத்துவருக்கு அந்தப் படம்தான் சாட்சி.

இனி கையுறை. வீட்டுக்குள்ளேயே, கை வெதுவெதுப்பாக இருக்கும்போதே போட்டு, சூட்டை ஏற்றிக்கொண்டு வெளியே இறங்கினால் அது அருமையான பொருள். நாயை நடத்திச் செல்லவும் பஸ் நிறுத்தத்தில் நிற்கவும் நான் அஞ்சாமல் போவது இதனால்தான். தையல் பிரியவில்லை, கம்பி அறுபடவில்லை. அதைக் குறை சொன்னால் அநியாயம்.

ஆனால் விரல் வெளுத்தபிறகு இந்தக் கையுறையால் பயனே இல்லை. இதுதான் இத்தனை காலமாக என்னை எரிச்சல்படுத்துகிறது. பொத்தான் மணிக்கட்டில் இருக்கிறது. சில நொடிகள் அழுத்திப் பிடித்தால்தான் உயிர் பெறும். மரத்த விரலுக்கு அது அழுந்தியதா என்றே தெரியாது. அழுந்தினாலும் கம்பி சூடாகச் சில நிமிடங்கள் ஆகும். சூடானபின் வேறொரு சிக்கல்: சாதாரணத் தோலில் மேலே படும் சூட்டை ரத்தம் வாங்கிக்கொண்டு போய்விடும், வெளுத்த விரலில் வாங்கிப் போக ஆள் இல்லை. சூடு ஓரிடத்திலேயே நிற்கும், விரலுக்கோ உணர்ச்சி இல்லை. புண்ணாவது தெரியாமலே புண்ணாகலாம். கொதிக்கும் வெந்நீரில் விரலை விடாதீர்கள், வெதுவெதுப்பான நீர் போதும் என்று சொல்வதற்கும் காரணம் இதுவே. வெளுத்தபின் நான் நம்புவது என் அக்குளைத்தான். இல்லையென்றால் கையைத் தோளிலிருந்து பெரிய வட்டமாகச் சுழற்றுவேன்.

இன்னொன்றையும் விற்பவர்கள் சொல்வதில்லை. விரல் மட்டும் குளிர்ந்தால்தான் தமனி சுருங்கும் என்பதில்லை. உடம்பு குளிர்ந்தாலே, நடுப்பகுதியின் சூட்டைக் காக்க மூளை கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். மார்பையும் கழுத்தையும் மூடும் கம்பளி உள்ளாடை ஒன்று போட்ட நாட்களில், சாதாரணக் கையுறையே எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது. விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்காத பை மாதிரிக் கையுறை என்றால் இன்னும் நல்லது, விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். இரண்டுக்கும் சேர்ந்து ஆகும் செலவு, விலை இறங்கிய பிறகும்கூட, இந்த பேட்டரிக் கையுறையின் விலையைவிடக் குறைவு.

தோழியின் கதையைக் கேட்டபோதுதான் எனக்குக் கவலை வந்தது. எனக்கு இது கல்லூரி வயதில் தொடங்கியது, இரண்டு கைகளிலும் ஒரேமாதிரி வரும், புண் வந்ததில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்குகிறதா என்று ரத்தத்தில் தேடும் ஏஎன்ஏ பரிசோதனை சரியாக இருந்தது. நகத்தின் அடித்தோலில் ஒரு துளி எண்ணெய் விட்டு, பெருக்கிக் காட்டும் கருவியால் பார்த்தபோது நுண்நாளங்களும் ஒழுங்காக இருந்தன. இது வேறு நோய் எதனுடனும் சேராத, தொல்லை மட்டுமே தரும் வகை. அவளுக்கோ நாற்பதைத் தாண்டியபின் தொடங்கியிருக்கிறது. வலக்கையில் இரண்டு விரல்களில் மட்டும் வருகிறது. ஒரு நுனியில் ஆறாத புண் இருக்கிறது. காலையில் விரல்கள் வீங்கி, மோதிரம் இறுகுகிறதாம். இவற்றில் ஒன்று இருந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தோலை இறுக்கும் ஸ்க்ளீரோடெர்மா, எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்கள் சில சமயம் இப்படி விரலில்தான் முதலில் தலைகாட்டும். அதிரும் கருவிகளைப் பல ஆண்டுகள் பிடித்து வேலை செய்தவர்களுக்கும் விரல் இப்படி வெளுக்கும். அவள் ஒற்றைத்தலைவலிக்காகச் சாப்பிடும் ப்ராப்ரனலால் மாத்திரையும் இதை மோசமாக்கக்கூடியது. அதைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் சொல்லி மாற்று கேட்க வேண்டும். தேவைப்பட்டால் நாளங்களைத் தளர்த்தும் நிஃபெடிபின் கொடுப்பார்கள். அதில் தலைவலியும் கணுக்கால் வீக்கமும் வரலாம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

ஆகவே அவளுக்கு என் பதில், வாங்காதே. கையுறை வெளுப்பை மறைத்துவிட்டால் அவள் மருத்துவரைப் பார்ப்பதை இன்னொரு குளிர்காலத்துக்குத் தள்ளிப்போடுவாள். என்னைப் போல எல்லாப் பரிசோதனையும் முடிந்தவர்கள் வாங்கலாம். கம்பளி உள்ளாடை வாங்கியபிறகு பணம் மிஞ்சினால். என்னுடையது பழுதானால் நான் மறுபடியும் இதையேதான் வாங்குவேன். அப்போதும் அந்தப் பொத்தானைத் திட்டிக்கொண்டேதான் அழுத்துவேன்.