விலகிப்போன நாமே நண்பனிடம் திரும்பும்போது: நீண்ட கடிதமா, போனா, நாலு வரியா?

மனம் சோர்ந்து கிடந்த மாதங்களில் காரணம் சொல்லாமல் ஒரு நண்பனை ஒதுக்கிவிட்டோம். தெளிந்த பிறகு அவனிடம் திரும்ப வேண்டும். அதற்குப் பொதுவாக நான்கு வழிகள் கண்ணில் படும். எதுவுமே நடக்காதது போல ஒரு காலை வணக்கத்தை அனுப்பிப் பேச்சைத் தொடங்கலாம். உள்ளதையெல்லாம் கொட்டி நீளமாக எழுதலாம். போன் செய்யலாம். அல்லது நாலு வரியில் விஷயத்தைச் சொல்லி டீ குடிக்கக் கூப்பிடலாம். நான் நான்காவதைச் செய்தவன். ஆகவே இந்த அலசல் என் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிறந்தநாள் வாழ்த்து போகும், கைகூப்பிய பொம்மை ஒன்று பதிலாக வரும், அதோடு நின்றுவிடும். இரண்டு பக்கமும் ஒன்றைச் சொல்லாமல் சுற்றிப் போகும் பேச்சு அடுத்த பொங்கல் வாழ்த்து வரைகூட ஓடாது. விலகல் சில வாரங்கள்தான், நண்பன் அதைக் கவனிக்கவே இல்லை என்றால் மட்டும் இது போதும்.

நீண்ட கடிதம் நேர்மையானது போலத் தோன்றும். நானும் முதலில் அதைத்தான் எழுதினேன். வேலை போனது, இரவில் தூக்கம் இல்லாதது, போன் மணி அடித்தாலே வயிறு இறுகியது என்று எல்லாம் அதில் இருந்தது. எழுதி முடித்ததும் அவனாக என்னை நினைத்துக்கொண்டு அதற்கு ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். ‘அய்யோ, இவ்வளவு நடந்ததா, ஏன் சொல்லவில்லை, கவலைப்படாதே’ என்பதைத் தவிர வேறெதுவும் எழுத வழி இல்லை. அவனுக்கு என்மேல் நியாயமான கோபம் இருந்தது. என் கடிதத்தில் அந்தக் கோபத்துக்கு உட்கார இடமே இல்லை. காயப்பட்டவன் காயப்படுத்தியவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது.

என் கணக்கில் தீர்மானிக்கும் விஷயம் இது ஒன்றுதான்: நம் செய்தி அவன்மேல் எவ்வளவு பெரிய பதில் பாரத்தை ஏற்றுகிறது? அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நடுவே படிக்கிறவன் ஒரே வரியில் பதில் சொல்ல முடிய வேண்டும். ‘சரி’ என்று சொல்லவும், ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லவும், திட்டவும் அதில் இடம் இருக்க வேண்டும். ‘என்னை மன்னித்துவிடுவாயா?’ என்று கேள்வியாக முடித்தால் அந்த இடம் அடைபட்டுவிடுகிறது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மன்னிப்புக் கேட்பதை ஆறு கூறுகளாகப் பிரித்து, எது எடுபடுகிறது என்று பார்த்தார்கள். ‘தவறு என்னுடையது’ என்று பொறுப்பேற்பதுதான் முதலிடம் பிடித்தது. ‘மன்னித்துவிடு’ என்று வேண்டுவது கடைசியில் நின்றது. அவர்கள் எடுத்துக்கொண்டது அலுவலகச் சூழல் என்பதால் நட்புக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

கடைசியில் நான் அனுப்பியது இது: ‘டேய், ஆவணியில் நீ வீட்டுக்கு வந்தபோது நான் உள்ளேதான் இருந்தேன். இல்லை என்று தங்கையைச் சொல்லச் சொன்னது நான்தான். வேலை போன பிறகு யார் முகத்தையும் பார்க்க முடியாமல் கிடந்தேன், நீ தப்பாக எதுவும் செய்யவில்லை. இப்போது பரவாயில்லை. சனிக்கிழமை காலை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் இருப்பேன், முடிந்தால் வா.’

இதில் முக்கியமானது முதல் வரி. ‘கொஞ்ச நாளாகப் பேச முடியவில்லை’ என்று பொதுவாக எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். அவனுக்கு வலித்தது வாசலில் நின்ற அந்த ஐந்து நிமிடம். அதன் பெயரைச் சொன்னால்தான் மற்றதை நம்புவான். அடுத்தது ‘நீ தப்பாக எதுவும் செய்யவில்லை’ என்பது. மௌனம் நீளும்போது எதிரில் இருப்பவன் பெரும்பாலும் நம் உடல்நிலையை நினைப்பதில்லை, தான் என்ன சொல்லிவிட்டோம் என்றுதான் பழைய பேச்சுகளைத் தோண்டிக்கொண்டிருப்பான். காரணத்துக்கு ஒரே வாக்கியம் போதும். மேலே கேட்க விரும்பினால் டீக்கடையில் கேட்பான். ‘இப்போது பரவாயில்லை’ என்பது, உடனே ஓடிவந்து காப்பாற்ற வேண்டியதில்லை என்று அவனுக்குச் சொல்கிறது. அது உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். இன்னும் தேறவில்லை என்றால் அதையே ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. கேலி வேண்டுமானால் என்னைப் பற்றி இருக்கலாம், அவன் காத்திருந்ததைப் பற்றி ஒருபோதும் கூடாது.

மறுநாள் பதில் வந்தது: ‘உன் செருப்பு வாசலில் கிடந்ததைப் பார்த்தேன். சனிக்கிழமை ஆகாது. ஞாயிறு.’ திட்டும் சம்மதமும் ஒரே மூச்சில். நீண்ட கடிதத்துக்கு இப்படி ஒரு பதில் வந்திருக்காது என்பது என் துணிபு.

போனைப் பற்றிப் பேசும்போது என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பழைய நண்பரோடு குரல் வழியாகப் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று மக்கள் முன்கூட்டியே அஞ்சுகிறார்கள். பேசிய பிறகோ, எழுத்தைவிட அதிகச் சங்கடம் இருந்ததில்லை, நெருக்கம்தான் கூடியிருந்தது. ஆகவே போனைத் தாழ்த்திச் சொல்ல மாட்டேன். என் தயக்கம் முதல் நிமிடத்தைப் பற்றியது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவன் காதில் திடீரென்று என் குரல் விழுந்தால், கோபப்படுவதா மகிழ்வதா என்று முடிவெடுக்க அவனுக்கு நேரம் இல்லை. எனக்கோ ஒரு வாரம் ஒத்திகை பார்க்கும் வசதி இருந்தது. நாலு வரியை முதலில் அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு போன் செய்தால் இந்தச் சிக்கல் இல்லை. தட்டச்சே செய்யாத நண்பருக்கு இது உதவாது. அவருக்கு நேரே போன்தான்.

நாலு வரி தோற்கும் இடம் ஒன்று உண்டு. நாம் ஒதுங்கியிருந்த காலத்தில் அவன் வீட்டில் சாவு நடந்திருந்தால் செய்தி அனுப்பி நாள் குறிப்பதெல்லாம் அபத்தம். எத்தனை மாதம் கடந்திருந்தாலும் நேரே போய்க் கேதம் கேட்டுவிட்டு வர வேண்டும். அன்று நம் கதையை எடுக்கவே கூடாது. அவனாகக் கேட்டால் ‘நானும் சரியாக இல்லை, வந்திருக்க வேண்டும்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அறுவை சிகிச்சை, வேலையிழப்பு போன்றவற்றுக்கும் வரிசை இதேதான்: முதலில் அவன் கதை, பிறகு நம் விளக்கம்.

பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. நீல நிறக் குறி விழுந்த பிறகு இரண்டு வாரம் மௌனம் என்றால், விளக்கத்தை மறுபடி அனுப்ப மாட்டேன். அது முதல் செய்தியை வற்புறுத்தலாக மாற்றிவிடும். அவன் ஊரில் மழை கொட்டினாலோ, அவன் பிள்ளைக்குத் தேர்வு முடிவு வந்தாலோ அதைப் பற்றி மட்டும் ஒரு வரி விசாரிப்பேன். அதற்கும் பதில் இல்லை என்றால், அவனுக்கு என்னைவிட நீண்ட காலம் தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுவேன்.